டோக்கன் பதிவிலிருந்து மணிவாரிக் காத்திருப்பு அறிக்கை: கூடுதல் ஆளை எந்த மணிக்குப் போடுவது?

மதியம் ஒரு மணி. வங்கிக் கிளையின் கேஷ் கவுண்டர் முன்னால் கூட்டம் நிற்கிறது. நாற்பது நிமிடமாக உட்கார்ந்திருப்பதாக ஒருவர் மேனேஜர் அறைக்கே வந்து சொல்கிறார். மேனேஜர் எட்டிப் பார்த்தால் மூன்று கவுண்டரில் ஒன்று காலியாக இருக்கிறது, கேஷியர் சாப்பிடப் போயிருக்கிறார். நாளையிலிருந்து ஒரு மணிக்கு யாரும் எழுந்து போகக் கூடாது என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஆனால் ஒரு மணிக்குக் கண்ணில் படும் அந்த வரிசை பதினொரு மணிக்கே தொடங்கியதாக இருக்கலாம். ஆள் குறைவது ஒரு மணியில், அதன் வலி தெரிவது வேறொரு மணியில். டோக்கன் பதிவை மணிவாரியாகத் தொகுக்கும்போது இந்த இடைவெளி வெளியே தெரியும்படி தொகுக்க வேண்டும். சராசரிக் காத்திருப்பை மட்டும் மணிக்கு மணி போட்டுக் கொடுத்தால், மேனேஜர் எட்டிப் பார்த்து எடுத்த அதே முடிவைத்தான் அறிக்கையைப் பார்த்தும் எடுப்பார். இதை எக்செல் அல்லது கூகுள் ஷீட்டிலேயே செய்துவிடலாம். ஒரு கிளையின் கேஷ் சேவையை உதாரணமாக வைத்து முழுக் கணக்கையும் பார்ப்போம். எளிதாகப் பின்தொடர வேண்டும் என்பதற்காக எண்களை முழு எண்களாக வைத்திருக்கிறேன்.

1. பதிவை எடுப்பது

டோக்கன் மென்பொருளின் அறிக்கைப் பகுதியில் ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு வரி என்ற கணக்கில் பதிவை இறக்கிக்கொள்ளுங்கள். மென்பொருள் தானே போட்டுத் தரும் 'தினசரிச் சராசரி' அறிக்கை இந்த வேலைக்கு உதவாது. டோக்கன் எண், சேவை, டோக்கன் எடுத்த நேரம், அழைத்த நேரம், முடித்த நேரம், கவுண்டர் எண் ஆகிய ஆறும் போதும். குறைந்தது நான்கு வாரப் பதிவு வேண்டும், ஆறு வாரம் என்றால் இன்னும் நல்லது.

தேதியும் நேரமும் சேர்ந்தே ஒரே கலத்தில் இருக்கட்டும். பல நேரங்களில் இவை உரையாக வந்து சேரும். பார்வைக்கு நேரம் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒப்பிடும்போது எல்லாம் பூஜ்ஜியமாக வரும். `=ISNUMBER(C2)` போட்டு `TRUE` வருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

A-யில் டோக்கன் எண், B-யில் சேவை, C-யில் எடுத்த நேரம், D-யில் அழைத்த நேரம், E-யில் முடித்த நேரம், F-இல் கவுண்டர் என்று வைத்துக்கொண்டால், அடுத்த இரண்டு பத்திகள் இப்படி:

```
G2: =HOUR(C2)
H2: =IF(D2="","",(D2-C2)*1440)
```

G என்பது வாடிக்கையாளர் வந்த மணி, H என்பது அவர் காத்திருந்த நிமிடங்கள். ஒரு நாளில் 1440 நிமிடம் இருப்பதால் அந்தப் பெருக்கல்.

சேவைகளைக் கலக்காதீர்கள். பணம் கட்டுபவருக்கு ஐந்து நிமிடம் ஆகும், கணக்குத் தொடங்குபவருக்கு அரை மணி நேரம் ஆகும். இரண்டையும் ஒரே வரியில் போட்டு வரும் எண் இருவரில் ஒருவரையும் குறிக்காது. ஒவ்வொரு சேவைக்கும் தனித் தொகுப்பு.

2. பதிவு பொய் சொல்லும் இடங்கள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். டோக்கன் பதிவு என்பது யாரோ ஒருவர் பட்டனை அழுத்திய நேரங்களின் பட்டியல், அவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு நடந்தது வேறாக இருக்கலாம்.

காத்திருப்பு நிமிடம் எதிர்ம எண்ணாக வந்தால், டோக்கன் இயந்திரத்தின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கூட்டமில்லாத நேரத்துக் காத்திருப்புகளைப் பாருங்கள். எல்லாமே மைனஸ் மூன்றை ஒட்டி வந்தால் கடிகாரம் மூன்று நிமிடம் தள்ளியிருக்கிறது. அந்த மூன்றை எல்லா வரிகளிலும் கூட்டிச் சரிசெய்யலாம். சில நாள்களில் மட்டும் மாறி மாறி வந்தால் அந்த நாள்களை விட்டுவிடுவதே மேல்.

மறு அழைப்பு இன்னொன்று. கேஷியர் 43-ஐ அழைக்கிறார், ஆள் வரவில்லை, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அழைக்கிறார். சில மென்பொருள்களில் இரண்டாவது அழைப்பு முதல் அழைப்பின் நேரத்தை அழித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க நானே ஒரு டோக்கன் எடுத்து, கேஷியரிடம் சொல்லி இரண்டு முறை அழைக்க வைத்து, கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, மறுநாள் பதிவில் எந்த நேரம் இருக்கிறது என்று பார்ப்பேன். பத்து நிமிட வேலை, ஆனால் அதற்குப் பிறகு பதிவை நம்பலாமா என்ற கேள்வியே எழாது.

அடுத்து, அழைத்தும் வராதவர்கள். அழைத்த சில நொடிகளிலேயே முடிந்ததாகக் காட்டும் வரிகள் இவை. பார்த்தவுடன் அழிக்கத் தோன்றும், ஆனால் அழிக்கக் கூடாது. காத்திருந்து சலித்துக் கிளம்பியவர்கள்தான் இவர்களில் அதிகம். இவர்களை நீக்கினால் மிக மோசமான மணிநேரம்தான் மற்றதைவிட அதிகமாக அழகுபடுத்தப்படும். அவர் முன்பே எழுந்து போயிருந்தாலும், அந்த எண்ணுக்கு முறை வர எவ்வளவு நேரமானது என்பது உண்மையான தகவல்தான். எனவே காத்திருப்புக் கணக்கில் அவர் இருக்கட்டும், சேவை நேரக் கணக்கிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். மணிவாரியாக எத்தனை பேர் இப்படிப் போனார்கள் என்பதைத் தனியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். நாள் முடிவில் அழைக்கப்படாமலே போன டோக்கன்கள் இருந்தால் அவற்றுக்கும் தனி எண்ணிக்கை.

கடைசியாக ஒன்று, பதிவில் இல்லாத காத்திருப்பு. கதவு பத்து மணிக்குத் திறக்கிறது, ஒன்பதே முக்காலிலிருந்து பதினைந்து பேர் வெளியே நிற்கிறார்கள். எல்லாருடைய டோக்கனும் பத்து மணி என்றே காட்டும். முதல் மணிநேரத்தின் எண் எப்போதும் உண்மையைவிடக் குறைவு என்பதை அறிக்கையில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

3. வந்த மணியா, அழைத்த மணியா

மணிவாரியாகப் பிரிக்கும்போது டோக்கன் எடுத்த மணியைத்தான் பயன்படுத்த வேண்டும். 12:50-க்கு வந்து 1:30-க்கு அழைக்கப்பட்டவர் பன்னிரண்டு மணிக் கணக்கில் சேர வேண்டியவர். பல மென்பொருள் அறிக்கைகள் அழைத்த மணியில் சேர்க்கின்றன, ஏனென்றால் அழைக்கும்போதுதான் காத்திருப்பு என்ற எண்ணே பிறக்கிறது. அப்படிச் செய்தால் நெருக்கடி முழுக்க பின்னால் நகர்ந்துவிடும். எவ்வளவு நகரும் என்பதைக் கொஞ்ச நேரத்தில் நம் உதாரணத்திலேயே பார்க்கலாம்.

ஒவ்வொரு மணிக்கும் இரண்டு எண்கள் போதும். ஒன்று இடைநிலை அளவு: பாதிப் பேர் இதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் இதைவிட அதிகமாகவும் காத்திருந்தார்கள். இன்னொன்று 90% எல்லை: பத்தில் ஒன்பது பேர் இதற்குள் அழைக்கப்பட்டுவிட்டார்கள். மேனேஜர் அறைக்கு வந்து புகார் சொல்பவர் பெரும்பாலும் மிச்சமிருக்கும் அந்தப் பத்தாவது ஆள்தான். சராசரியை நான் காத்திருப்புக்குப் பயன்படுத்துவதில்லை. ஆட்கள் குறைவாக வரும் மணியில் ஒரே ஒருவர் 70 நிமிடம் காத்திருந்தால் அந்த மணியின் சராசரியே மேலே போய்விடும்.

```
=MEDIAN(FILTER(H$2:H$5000,(G$2:G$5000=11)*(B$2:B$5000="CASH")))
=PERCENTILE.INC(FILTER(H$2:H$5000,(G$2:G$5000=11)*(B$2:B$5000="CASH")),0.9)
```

பல நாள்களுக்கான 90% எல்லை வேண்டுமென்றால் எல்லா நாள்களின் டோக்கன்களையும் ஒன்றாகக் கொட்டி ஒரே தடவை கணக்கிடுங்கள். நாளுக்கு நாள் தனியாகப் போட்டு அவற்றைச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் எதையும் குறிக்காது.

நம் உதாரணக் கிளையில் மூன்று கேஷ் கவுண்டர்கள், நேரம் 10 முதல் 4 வரை. ஒரு வேலை நாளின் படம் இது:

| வந்த மணி | வந்தவர்கள் | இடைநிலை (நிமிடம்) | 90% எல்லை (நிமிடம்) |
|---|---|---|---|
| 10–11 | 34 | 6 | 12 |
| 11–12 | 44 | 13 | 21 |
| 12–1 | 35 | 29 | 40 |
| 1–2 | 20 | 35 | 42 |
| 2–3 | 12 | 3 | 19 |
| 3–4 | 10 | 1 | 4 |

இதே நாளை அழைத்த மணியில் பிரித்திருந்தால் 2–3 மணிக்கு இடைநிலை 3 நிமிடம் இருக்காது, ஏறத்தாழ 22 நிமிடம் என்று காட்டியிருக்கும். 1:20 வாக்கிலிருந்து வந்தவர்களெல்லாம் இரண்டு மணிக்கு மேல்தானே அழைக்கப்பட்டார்கள். அந்த அறிக்கையை நம்பி ஒருவரை இரண்டு மணிக்குப் போட்டால், அவர் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

சரியாகப் பிரித்த பிறகும் இந்த அட்டவணை ஒன்றாம் மணியைத்தான் கைகாட்டுகிறது. ஆனால் வந்தவர்கள் பத்தியைப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வந்தவர்கள் வெறும் 20 பேர். பதினொன்றில் வந்தவர்களில் பாதிகூட இல்லை.

4. மணி தொடங்கும்போது நின்ற வரிசை

இந்தப் பத்தி இல்லாமல் அறிக்கையைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மணியும் தொடங்கும் நொடியில் டோக்கன் எடுத்தும் அழைக்கப்படாமல் எத்தனை பேர் இருந்தார்கள்? K2-இல் தேதியோடு அந்த மணியை எழுதிவிட்டு இப்படி எண்ணலாம்:

```
=COUNTIFS(B$2:B$5000,"CASH",C$2:C$5000,"<"&K2,D$2:D$5000,">="&K2)
```

இதோடு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்: அந்த மணியில் வந்த வேலையை முடிக்க எத்தனை கவுண்டர் தேவை, உண்மையில் எத்தனை திறந்திருந்தன.

தேவையைக் கணக்கிட ஒருவருக்கு ஆகும் நேரம் தெரிய வேண்டும். முடித்த நேரத்திலிருந்து அழைத்த நேரத்தைக் கழித்தால் போதும் என்று தோன்றும், ஆனால் அது குறைவாகவே வரும். வாடிக்கையாளர் நகர்ந்த பிறகு நோட்டுகளைக் கட்டி உள்ளே வைத்து, சலானை அடுக்கிவிட்டுத்தான் கேஷியர் அடுத்த எண்ணை அழுத்துகிறார். அதனால் வரிசை இருக்கும் நேரத்தில், ஒரே கவுண்டரில் ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் உள்ள இடைவெளியை எடுங்கள். வரிசை இல்லாத நேரத்து இடைவெளியில் சும்மா இருந்த நேரமும் சேர்ந்துவிடும் என்பதால் அது வேண்டாம். இங்கே மட்டும் சராசரியே சரி, ஏனென்றால் நமக்கு வேண்டியது மொத்த வேலை.

நம் கிளையில் அது 5 நிமிடம். பதினொரு மணிக்கு வந்த 44 பேருக்கு 220 நிமிட வேலை. ஒரு கவுண்டர் ஒரு மணியில் தருவது 60 நிமிடம். ஆகவே 3.7 கவுண்டர் தேவை.

திறந்திருந்த கவுண்டர்களை டியூட்டி பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். அரை மணிக்கு அரை மணி, எந்தெந்தக் கவுண்டரிலிருந்து அழைப்பு போயிருக்கிறது என்று பதிவிலேயே எண்ணுங்கள். நம் கிளையில் அப்படி எண்ணியபோது இரண்டு விஷயம் தெரிகிறது. காலையில் பெட்டகத்திலிருந்து பணம் வாங்கி எண்ணிச் சரிபார்த்து மூன்றாவது கவுண்டர் திறக்க 10:30 ஆகிறது. அப்புறம் 12:30 முதல் 2 வரை ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடப் போவதால் இரண்டு கவுண்டர்தான்.

| மணி | தொடக்கத்தில் நின்றவர்கள் | தேவை (கவுண்டர்) | திறந்திருந்தவை |
|---|---|---|---|
| 10–11 | 0 | 2.8 | 2.5 |
| 11–12 | 4 | 3.7 | 3 |
| 12–1 | 12 | 2.9 | 2.5 |
| 1–2 | 17 | 1.7 | 2 |
| 2–3 | 13 | 1.0 | 3 |
| 3–4 | 0 | 0.8 | 3 |

ஒன்றாம் மணியில் இரண்டு கவுண்டரே போதுமானது. அந்த மணியில் வந்தவர்களால் வரிசை வளரவில்லை, 17-லிருந்து 13 ஆகக் குறையத்தான் செய்தது. சிக்கல் அந்தப் 17 பேர். ஒரு மணிக்கு உள்ளே நுழைந்தவருக்கு முன்னால் 17 பேர், மணிக்கு 24 பேரை முடிக்கும் இரண்டு கவுண்டர்கள். 17-ஐ 24-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 42 நிமிடம். மேனேஜர் அறைக்கு வந்தவர் சொன்ன நாற்பது நிமிடம் இதுதான்.

பற்றாக்குறை நடந்தது முதல் மூன்று மணிகளில். அதில் பெரியது பதினொன்றில், 8 பேர் அங்கே மட்டும் மிஞ்சினார்கள்.

5. ஒரு ஆள், ஒரு மணி நேரம்: எங்கே வைப்பது?

இப்போது ஒவ்வொரு யோசனையையும் காகிதத்திலேயே சோதிக்கலாம். தொடக்க வரிசையோடு வந்தவர்களைக் கூட்டி, திறந்த கவுண்டர்கள் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 12 பேர் கழித்தால் அடுத்த மணியின் தொடக்க வரிசை வரும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியம்தான்.

மேனேஜரின் முதல் யோசனை, ஒன்றிலிருந்து இரண்டு வரை யாரும் சாப்பிடப் போகாமல் மூன்று கவுண்டர். ஒரு மணிக்கு நிற்பவர்கள் அதே 17 பேர்தான், அவர்கள் முன்பே சேர்ந்துவிட்டார்கள். 36 பேர் வேகத்தில் முடித்தால் ஒரு மணிக்கு வருபவருக்கு 28 நிமிடம். பன்னிரண்டு மணிக்கு வருபவரின் 20 நிமிடம் அப்படியே இருக்கும்.

அதே ஒரு மணி நேர உழைப்பை பதினொன்றுக்கு மாற்றி நான்காவது கவுண்டர் ஒன்றைத் திறந்தால்? தொடக்கத்தில் 4, வந்தவர்கள் 44, முடிந்தவர்கள் 48. பன்னிரண்டு மணிக்கு வரிசை பூஜ்ஜியம். அடுத்த மணியில் 35 பேர் வந்து 30 பேர் முடிவதால் ஒரு மணிக்கு 5 பேர். அப்போது வருபவருக்கு 13 நிமிடம்கூட ஆகாது, கேஷியர்களும் வழக்கம்போல் சாப்பிடப் போகலாம். 42 நிமிடம் 28 ஆவதற்கும் 13 ஆவதற்கும் இடையில் கூடுதல் உழைப்பு எதுவும் இல்லை, ஆளை இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்தியது மட்டும்தான்.

மூன்றாவது கவுண்டரைச் சரியாகப் பத்துக்குத் திறப்பது மட்டும் என்றால், பதினொன்றில் 0, பன்னிரண்டில் 8, ஒன்றில் 13. ஒரு மணிக்கு வருபவருக்கு ஏறத்தாழ 32 நிமிடம். ஓர் ஆளும் கூடுதலாக வேண்டாத மாற்றம் என்பதால் இதை எப்படியும் செய்யலாம், ஆனால் இது மட்டும் போதாது.

நடைமுறையில் நான்காவது கவுண்டரை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் திறப்பது சிரமம். பணம் வாங்கிவைக்க வேண்டும், மூடும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும், இதிலேயே கொஞ்ச நேரம் போகும். ஆகவே பதினொன்றிலிருந்து ஒன்று வரை இரண்டு மணி நேரம் திறக்கச் சொல்வேன். அப்படியானால் ஒரு மணிக்கு வரிசையே மிஞ்சாது.

இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றை மறைக்கிறது. மக்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் வருவார்கள், அடுத்த பத்து நிமிடம் ஒருவரும் வரமாட்டார்கள். தேவை 3.7 என்று வந்து நான்கு கவுண்டர் திறந்தாலும், எல்லாரும் ஏறக்குறைய முழு நேரமும் வேலையிலேயே இருப்பதால் சில நிமிடக் காத்திருப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். தேவை, திறந்த கவுண்டர்களில் 85 சதவீதத்தைத் தாண்டும் மணிகளை நான் அட்டவணையில் வண்ணமிட்டுக் காட்டிவிடுவேன். அங்கே பூஜ்ஜியம் வந்தாலும் அதை வாக்குறுதியாகச் சொல்லக் கூடாது.

6. எந்த நாள்களைச் சேர்ப்பது

சம்பளம் வரும் நாள்கள், நீண்ட விடுமுறைக்கு மறுநாள், இவற்றைச் சாதாரண நாள்களோடு கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஒரு நாள் உருவாகும். நான் இரண்டு அட்டவணைகள்தான் போடுவேன்: கூட்ட நாள், சாதாரண நாள். எது கூட்ட நாள் என்பதைத் தேதியை வைத்து ஊகிக்காமல், ஒரு நாளின் மொத்த டோக்கன்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் எண்களிலேயே ஒரு தெளிவான இடைவெளி தெரியும்.

ஒவ்வொரு மணிக்கும் எத்தனை நாள்களில் இதே நிலை என்பதையும் எழுதுங்கள். 20 சாதாரண நாள்களில் 16 நாள் பன்னிரண்டு மணிக்கு 8 பேருக்கு மேல் நின்றார்கள் என்றால் நிரந்தர மாற்றம் கேட்கலாம். 4 நாள்தான் என்றால் அந்த நாள்களில் யார் விடுப்பில் இருந்தார்கள், எப்போது கணினி இணைப்பு போனது என்று முதலில் பாருங்கள்.

7. மேனேஜர் மேசைக்குப் போகும் தாள்

ஒரே பக்கம். மேலே ஒரு வரி: "சாதாரண நாள்களில் கேஷ் வரிசை 11–12 மணியில் உருவாகி 1 மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது, 11–1 நான்காவது கவுண்டர் திறக்கக் கோருகிறோம்." அதன் கீழே இரண்டு அட்டவணைகளையும் சேர்த்த ஒன்று, அழைத்தும் வராதவர்களின் எண்ணிக்கை, மூன்று யோசனைகளிலும் ஒரு மணிக்கு வருபவர் காத்திருக்கும் நிமிடங்கள் (28, 13, 32). கேஷியர்களின் பெயரோ தனித்தனி வேகமோ இந்தத் தாளில் வரக் கூடாது. வந்துவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து பட்டன்கள் வேறு மாதிரி அழுத்தப்படும்: வாடிக்கையாளர் கவுண்டரில் நிற்கும்போதே முடிந்ததாகக் காட்டி அடுத்தவரை அழைத்துவிடுவார்கள். அதன் பிறகு காத்திருப்பு எண்களை யாரும் நம்ப முடியாது.

மாற்றம் வந்த பிறகு நான்கு வாரம் கழித்து இதே தாளை மறுபடி போடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பன்னிரண்டு மணித் தொடக்க வரிசை, ஒரு மணிக் காத்திருப்பு அப்புறம்தான். பன்னிரண்டில் 12 பேர் நின்ற இடத்தில் இரண்டு மூன்று பேராகிவிட்டால் மாற்றம் வேலை செய்கிறது. வரிசை குறையாமல் வந்தவர்கள் எண்ணிக்கை 44-லிருந்து 50 ஆகியிருந்தால், முன்பு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் இப்போது டோக்கன் எடுக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். அந்தப் புதிய எண்ணை வைத்துத் தேவையை மறுபடி கணக்கிடுங்கள்: 50 பேருக்கு 250 நிமிடம், அதாவது 4.2 கவுண்டர்.